‘உங்கள் புகார் முடிக்கப்பட்டது!’ - அந்த ஒரு வரிக்கு முன்னால் என்னவெல்லாம் நடக்கிறது?

ஆன்லைனில் வாங்கிய பொருளில் ஏதோ பிரச்னை. கம்பெனிக்கு மெயில் போடுகிறீர்கள். அடுத்த நொடியே பதில் வருகிறது. ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. டிக்கெட் எண் இது.’ அப்பாடா என்று போனைக் கீழே வைக்கிறோம். நாலு நாள் கழித்து இன்னொரு மெயில் வருகிறது. ‘உங்கள் டிக்கெட் முடிக்கப்பட்டது.’ பிரச்னை மட்டும் அப்படியே இருக்கிறது!

இந்த இரண்டு மெயில்களுக்கும் நடுவில் உங்கள் புகார் எங்கே போனது, யார் கையில் இருந்தது, யார் அதை முடித்துவைத்தது? இதைத் தெரிந்துகொள்ள ஒரு டிக்கெட்டை எடுத்து, அது பிறந்ததில் இருந்து மூடப்படும் வரை கூடவே போய்ப் பார்ப்பதுதான் சரியான வழி. இங்கே சொல்லப்போகும் கடைக்காரரும் கம்பெனியும் விளக்கத்துக்காக உருவாக்கிய உதாரணங்கள். ஆனால், அந்தப் பிரச்னையும், அதைச் சுற்றியுள்ள விதிகளும், காரைக்காலும் நிஜம்.

1,800 ரூபாய் எங்கே போச்சு?

காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு ஜவுளிக்கடை. பில் போடும் பிரிண்டர் பழுதாகிவிட்டதால், சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனியின் இணையதளத்தில் புதிதாக ஒன்றை ஆர்டர் செய்கிறார் கடைக்காரர். விலை 10,000 ரூபாய், 18 சதவிகித ஜி.எஸ்.டி. 1,800 ரூபாய், ஆக மொத்தம் 11,800 ரூபாய். 22-ம் தேதி பில் போட்டு அனுப்பிவிட்டார்கள். பிரிண்டரும் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டது.

சிக்கல், பில்லைப் பார்த்த ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்து வருகிறது. “அண்ணே, இந்த 1,800 ரூபாயை நம்ம வரிக் கணக்குல கழிக்க முடியாது. பில்லுல உங்களைத் தமிழ்நாடுன்னு போட்டிருக்காங்க” என்கிறார் அங்கே கணக்கு எழுதும் தம்பி.

காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாடுதான். நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் போய் வருவது அன்றாட வேலை. ஆனால், நிர்வாகத்தில் காரைக்கால், சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஜி.எஸ்.டி.யில் தமிழ்நாட்டின் எண் 33, புதுச்சேரியின் எண் 34. ஒவ்வொரு வியாபாரியின் ஜி.எஸ்.டி. பதிவெண்ணும் இந்த மாநில எண்ணில்தான் தொடங்கும்.

சென்னையில் இருந்து காரைக்காலுக்குப் பொருள் வந்தால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் வியாபாரம். அதற்கு ஐ.ஜி.எஸ்.டி. என்று 1,800 ரூபாய் ஒரே தொகையாகப் போட வேண்டும். பில்லில் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றதுபோல மத்திய வரி 900, மாநில வரி 900 என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் அதே 1,800தான். ஆனால், தமிழ்நாட்டுக்குள் நடந்ததாகக் காட்டும் வியாபாரத்தின் வரியைப் புதுச்சேரி பதிவெண் வைத்திருப்பவர் தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. பில் திருத்தப்படாவிட்டால், கடைக்காரருக்கு 1,800 ரூபாய் நஷ்டம்.

25-ம் தேதி காலை 11.40 மணிக்கு அவர் மெயில் போடுகிறார். ‘பில்லில் மாநிலம் தப்பாக இருக்கிறது. மாற்றிக் கொடுங்கள்.’ அவ்வளவுதான். டிக்கெட் பிறந்துவிட்டது.

டிக்கெட் போய் நிற்கும் வரிசை

கம்பெனிக்கு வரும் மெயில், சாட், போன் அழைப்பு எல்லாவற்றையும் ஒரே திரையில் வரிசையாகக் காட்டுவதுதான் டிக்கெட் மென்பொருளின் வேலை. அந்த வரிசைக்குப் பெயர் ‘க்யூ’. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஓர் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு நிலை, ஒரு கெடு இருக்கும்.

உலகம் முழுக்கப் பயன்படும் இந்த மென்பொருள்களில் சில நம் ஊரில் உருவானவை. ஜோஹோ நிறுவனத்தின் ‘ஜோஹோ டெஸ்க்’ அதில் ஒன்று. இன்னொன்று, திருச்சியில் வளர்ந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் தொடங்கிய ‘ஃப்ரெஷ்டெஸ்க்’. அது பிறந்த கதையிலும் ஒரு புகார் உண்டு. அமெரிக்காவில் இருந்து குடும்பத்தோடு திரும்பியபோது, கப்பலில் அனுப்பிய டி.வி. உடைந்து வந்து சேர்ந்தது. காப்பீட்டுத் தொகை கேட்டு மாதக்கணக்கில் மெயிலும் போனுமாக அலைந்தும் பலனில்லை. நாடு திரும்பும் இந்தியர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் இதை எழுதிய பிறகுதான் மன்னிப்பும் வந்தது, பணமும் வந்தது. அந்த அனுபவத்தை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது.

சரி, நம் டிக்கெட்டுக்கு வருவோம். க்யூவில் உட்கார்ந்திருக்கும் ஊழியரை ‘ஏஜென்ட்’ என்பார்கள். அவர் திரையில் காலை நேரத்தில் ஐம்பது, அறுபது டிக்கெட்கள் நிற்கலாம். ‘டெலிவரி எப்போது?’ என்பதுபோல அரை நிமிடத்தில் முடிவதும் இருக்கும், நம் ஜவுளிக்கடை டிக்கெட்போல மூன்று பேரிடம் கேட்டு முடிக்க வேண்டியதும் இருக்கும். மனித இயல்புப்படி, கை சுலபமானதைத்தான் முதலில் தேடும். ஆனால், ‘எதன் கெடு முதலில் முடிகிறதோ அதை முதலில் எடு’ என்பதுதான் க்யூவின் அடிப்படை விதி. சுலபமானதைப் பொறுக்கி எடுத்தால் சாயங்காலம் எண்ணிக்கை அழகாக இருக்கும். கஷ்டமான டிக்கெட்கள் மட்டும் அடியில் தங்கி ஊறிக்கொண்டிருக்கும்.

எதை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். சில இடங்களில், ‘கடைசியாக அசைந்தது எப்போது’ என்பதை வைத்து, நெடுநேரம் அசையாத டிக்கெட் மேலே வரும்படி அடுக்கியிருப்பார்கள். அங்கே, ‘என்ன ஆச்சு?’ என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் டிக்கெட் அசைந்ததாகக் கணக்காகி, வரிசையில் பின்னால் போய்விடும். அடிக்கடி கேட்பவருக்குத்தான் தாமதம் அதிகமாகும். நல்ல டீம்கள் கெடுவை வைத்து அடுக்குவது இதனால்தான்.

முதல் பதில்: வேகமா, விஷயமா?

மெயில் போட்ட நொடியில் வந்த ‘பதிவு செய்யப்பட்டது’ என்ற பதில் இயந்திரம் அனுப்பியது. அது ‘முதல் பதில்’ கணக்கில் சேராது. ஒரு மனிதர் எழுதும் முதல் மெயிலில்தான் அந்தக் கடிகாரம் நிற்கும். முதல் பதில் இத்தனை மணி நேரத்தில், தீர்வு இத்தனை மணி நேரத்தில் என்று கம்பெனி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கெடுவை ‘எஸ்.எல்.ஏ.’ என்று சொல்வார்கள்.

இங்கேதான் முதல் தவறு நடக்கும். நம் டிக்கெட்டை எடுக்கும் ஏஜென்ட் அவசரத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பில்’ என்ற சொல் கண்ணில் படுகிறது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கென்று எழுதிவைத்த தயார் பதில்களில் இருந்து, ‘உங்கள் பில்லை டவுன்லோடு செய்வது எப்படி?’ என்பதை எடுத்துத் தட்டிவிடுகிறார். ஒன்பது நிமிடத்தில் முதல் பதில் போய்விட்டது. கணக்கில் பச்சை விளக்கு. கடைக்காரருக்கோ தலைவலி ஆரம்பம்.

இன்னொரு வகைத் தவறு, பார்க்க ரொம்பப் பணிவாக இருக்கும். ‘தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். பில் நகல், ஆர்டர் எண், ஜி.எஸ்.டி. சான்றிதழ் அனுப்பவும்’ என்று கேட்பது. பில் கம்பெனியே போட்டது. ஆர்டர் எண் அதிலேயே இருக்கிறது. கையில் இருப்பதைக் கேட்டு வாங்கினால் ஒருநாள் வீணாகும்.

நிதானமான ஏஜென்ட் முதலில் பில்லைத் திறப்பார். விற்பவர் பதிவெண் 33-ல் தொடங்குகிறது. வாங்கியவர் பதிவெண் 34. வரியோ இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே தவறு யாருடையது என்று தெரிந்துவிடும். கடைக்காரரிடம் கேட்க ஒன்றுமே இல்லை. அவர் எழுதும் முதல் பதில் இப்படி இருக்கும்:

‘வணக்கம் சார். உங்கள் பில்லைப் பார்த்தேன். உங்கள் பதிவெண் 34-ல் தொடங்குகிறது. பில்லில் தமிழ்நாடு என்று விழுந்ததால் வரி தவறாகப் பிரிந்திருக்கிறது. தவறு எங்கள் பக்கம்தான். பழைய பில்லை ரத்து செய்யும் கிரெடிட் நோட்டும், ஐ.ஜி.எஸ்.டி. போட்ட புதிய பில்லும் கேட்டு எங்கள் கணக்குப் பிரிவுக்கு இப்போதே அனுப்பியிருக்கிறேன். நாளை மாலை 5 மணிக்குள் நிலவரத்தை நானே எழுதுகிறேன். மொத்தத் தொகை மாறாது. நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை.’

‘நாளை 5 மணிக்குள் புதிய பில் தருகிறேன்’ என்று அவர் சொல்லவில்லை. பில் போடுவது வேறொரு பிரிவின் வேலை, அதற்கு இவர் வாக்குக் கொடுக்க முடியாது. அடுத்த தகவலை எப்போது எழுதுவது என்பது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறார். தன் கையில் இல்லாததற்குத் தேதி கொடுத்தால், மறுநாள் அந்த டிக்கெட்டில் பில் பிரச்னையோடு ‘சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை’ என்ற இரண்டாவது பிரச்னையும் சேர்ந்துகொள்ளும்.

நீங்கள் பார்க்காத பக்கம்

உங்களுக்கு வரும் மெயில்கள் டிக்கெட்டின் பாதிதான். மறுபாதி, ஊழியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ‘இன்டர்னல் நோட்’. வாடிக்கையாளரின் கண்ணுக்கு அது தெரியாது.

நம் ஏஜென்ட்டின் ஷிஃப்ட் முடிந்து அவர் வீட்டுக்குப் போய்விடலாம், மறுநாள் லீவு போடலாம். டிக்கெட்டை அடுத்து எடுப்பவர் கடைக்காரரிடம் மறுபடி முதலில் இருந்து கதை கேட்கக் கூடாது என்றால், நோட் சரியாக இருக்க வேண்டும். ‘கணக்குப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது’ என்ற ஒரு வரி நோட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. இப்படி எழுதினால் உபயோகம்:

‘பார்த்தது: பில் தேதி 22. விற்பவர் 33, வாங்கியவர் 34, டெலிவரி பின்கோடு 609602. வரி 900, 900 என விழுந்திருக்கிறது.
வேண்டியது: முழு பில்லுக்கும் கிரெடிட் நோட். 1,800 ஐ.ஜி.எஸ்.டி.யுடன் புதிய பில். இரண்டும் இந்த மாதத் தேதியிலேயே வேண்டும்.
யாரிடம்: கணக்குப் பிரிவு. இன்று பிற்பகல் 12.10-க்குக் கேட்டிருக்கிறேன்.
வாடிக்கையாளரிடம் சொன்னது: நாளை மாலை 5 மணிக்குள் தகவல். பில் தேதி சொல்லவில்லை.
சந்தேகம்: 609-ல் தொடங்கும் பின்கோடு எல்லாமே தமிழ்நாடு என்று விழுகிறதா?’

எதைப் பார்த்தோம், என்ன வேண்டும், யாரிடம் கேட்டோம், வாடிக்கையாளரிடம் என்ன சொல்லியிருக்கிறோம் என்ற நான்கும் இருந்தால், புதிதாக வருபவர் ஒரு நிமிடத்தில் வேலையைக் கையில் எடுத்துவிடலாம். ‘வாடிக்கையாளரிடம் சொன்னது’ என்ற வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘ஒருத்தர் ஒண்ணு சொல்றாரு, இன்னொருத்தர் வேற சொல்றாரு’ என்று நாம் புலம்புவது பெரும்பாலும் அந்த ஒரு வரி இல்லாததால்தான்.

நோட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. பல மென்பொருள்களில் பதில் எழுதும் பெட்டியும் நோட் எழுதும் பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கும். நோட்டின் பின்னணி மஞ்சளாக இருக்கும் என்பதுதான் பெரும்பாலும் ஒரே வித்தியாசம். நோட் என்று நினைத்து எழுதியதைப் பதிலாக அனுப்பிவிட்டால் திரும்பப் பெற முடியாது. ‘இந்த ஆளு திரும்பவும் ஆரம்பிச்சுட்டார்’ என்று நோட்டில் எழுதும் பழக்கம் இருந்தால், ஒருநாள் அது அந்த ஆளுக்கே போய்ச் சேரும். வாடிக்கையாளர் படித்தாலும் கூச்சப்பட வேண்டாத மொழியில் நோட் எழுத வேண்டும் என்று சீனியர்கள் சொல்வது அதனால்தான். கார்டு எண், ஓ.டி.பி. போன்றவற்றை நோட்டில் எழுதவே கூடாது.

‘பெண்டிங்’ என்ற பதுங்குகுழி

டிக்கெட்டுக்கு நிலைகள் உண்டு. ‘ஓப்பன்’ என்றால் கம்பெனி வேலை செய்ய வேண்டும். ‘பெண்டிங்’ என்றால் வேறு யாரோ பதில் தர வேண்டும், அதற்காகக் காத்திருக்கிறோம் என்று அர்த்தம். வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கும்போது எஸ்.எல்.ஏ. கடிகாரம் நிற்கும்படி பல கம்பெனிகள் அமைத்திருக்கின்றன. அது நியாயம்தான். நீங்கள் நான்கு நாள் பதில் போடாவிட்டால், அந்தத் தாமதத்தை ஏஜென்ட் தலையில் கட்டக் கூடாது.

ஆனால், நம் டிக்கெட்டில் பந்து கணக்குப் பிரிவிடம் இருக்கிறது. அதுவும் கம்பெனிக்குள்தான். கடைக்காரர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. இந்த டிக்கெட்டை ‘வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்’ என்ற நிலையில் போட்டால் கடிகாரம் நின்றுவிடும், கெடு தாண்டியதே தெரியாது. சில மென்பொருள் அமைப்புகளில், இத்தனை நாள் பதில் வரவில்லை என்று தானாகவே டிக்கெட் மூடப்பட்டுவிடும். நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியிராத நிலையில், ‘உங்களிடம் இருந்து பதில் வராததால் முடிக்கிறோம்’ என்று மெயில் வந்தால், பெரும்பாலும் நடந்தது இதுதான்.

நம் ஏஜென்ட் டிக்கெட்டை ஓப்பனிலேயே வைக்கிறார். மறுநாள் 26-ம் தேதி மாலை 4.30 மணி வரை கணக்குப் பிரிவு வாய் திறக்கவில்லை. சொன்னபடி அவர் எழுதுகிறார். ‘சார், இன்னும் வரவில்லை. மாதக் கடைசி என்பதால் கணக்குப் பிரிவில் வேலை அதிகம். அவர்களின் மேலாளரிடம் எடுத்துப்போயிருக்கிறேன். நாளை மதியம் 1 மணிக்குள் மறுபடி எழுதுகிறேன்.’ இதில் நல்ல செய்தி எதுவும் இல்லை. ஆனால், சொன்ன நேரத்துக்குச் சொன்ன ஆள் எழுதினார் என்பதால், கடைக்காரர் இன்னொரு மெயில் போட்டு, இன்னொரு டிக்கெட் பிறந்து, அதை இன்னொரு ஏஜென்ட் எடுத்துக் குழப்பும் வேலை மிச்சம்.

27-ம் தேதி காலையில் கிரெடிட் நோட்டும் புதிய பில்லும் வந்துவிடுகின்றன. இரண்டையும் இணைத்துக் கடைக்காரருக்கு அனுப்பிவிடுகிறார். வேலை முடிந்ததுபோலத்தான் தெரிகிறது!

முடிந்தது வேறு, மூடியது வேறு

இங்கே இரண்டு நிலைகள் இருக்கின்றன. ‘ரிசால்வ்டு’ என்றால், ‘எங்களைப் பொறுத்தவரை தீர்த்துவிட்டோம், நீங்கள் இல்லை என்றால் சொல்லுங்கள்’ என்று அர்த்தம். இந்த நிலையில் நீங்கள் பதில் எழுதினால் டிக்கெட் மறுபடி திறக்கும். ‘க்ளோஸ்டு’ என்றால் கதவைச் சாத்தியாயிற்று.

ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குப் போக எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம். இத்தனை மணி நேரம் ரிசால்வ்டு நிலையில் இருந்தால் தானாகவே மூடு என்று விதி எழுதிவிடுவார்கள். அமெரிக்காவின் ஜென்டெஸ்க் மென்பொருளில், யாரும் மாற்றாவிட்டால் தீர்த்த 4 நாள்களில் டிக்கெட் மூடப்படும். எவ்வளவு தள்ளிப்போட்டாலும் 28 நாள்களுக்கு மேல் திறந்துவைக்க முடியாது. மூடிய டிக்கெட்டை அங்கே மறுபடி திறக்கவும் முடியாது. நீங்கள் பதில் எழுதினால் பழையதன் தொடர்ச்சியாகப் புதிய எண்ணில் வேறொரு டிக்கெட் பிறக்கும்.

நம் கம்பெனி 48 மணி நேரம் என்று வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். 27-ம் தேதி ரிசால்வ்டு போட்டால், 29-ம் தேதி தானாக மூடிக்கொள்ளும். ஆனால், கடைக்காரரின் 1,800 ரூபாய் 29-ம் தேதி அவர் கைக்கு வந்துவிடுமா?

வராது. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்யும் கம்பெனி, இந்த மாத பில்களை அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியது வாங்கியவரின் பக்கத்தில் ‘ஜி.எஸ்.டி.ஆர்-2பி’ என்ற பட்டியலாக 14-ம் தேதி வெளிவரும். அன்றைக்குத்தான் ஆடிட்டர் அலுவலகத் தம்பி, புதிய பில் 34 என்ற எண்ணோடு, கழிக்கக்கூடிய வரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முடியும். கணக்குப் பிரிவு பில்லைத் திருத்தி அனுப்பிவிட்டு, இணையதளத்தில் பழைய பில்லையே ஏற்றிவிட்டால், கையில் இருக்கும் புதிய பில் வெறும் காகிதம். அது தெரியவரும்போது டிக்கெட் மூடி இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

டிக்கெட் க்யூவின் பெரிய சிக்கலே இதுதான். மூடும் விதி கம்பெனியின் கடிகாரத்தைப் பார்த்து எழுதப்படுகிறது. பிரச்னை தன் தேதியில்தான் முடியும். பழுதான மிக்ஸியை மாற்றிக் கொடுத்தால், அது ஓடுவதைப் பார்க்க ஒருநாள் போதும். வங்கிக்குத் திரும்பும் பணம் என்றால், கணக்கில் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். நம் பில்லுக்கு 14-ம் தேதி. ‘சரியாகிவிட்டது என்று வாடிக்கையாளர் தன் கண்ணால் பார்க்கக்கூடிய முதல் நாள் எது?’ என்று கேட்டால், டிக்கெட்டை எப்போது மூடலாம் என்பது தெரிந்துவிடும்.

நம் ஏஜென்ட் அதைத்தான் செய்கிறார். டிக்கெட்டை ரிசால்வ்டு போடாமல், காத்திருக்கும் நிலையில் வைத்து, 12-ம் தேதிக்கு ஒரு நினைவூட்டலும் 14-ம் தேதிக்கு ஒரு நினைவூட்டலும் போட்டுக்கொள்கிறார். 12-ம் தேதி, எந்தப் பில் ஏற்றப்பட்டது என்று கணக்குப் பிரிவிடம் கேட்பதற்கு. 14-ம் தேதி, ‘சார், இன்று உங்கள் 2பி பட்டியலில் புதிய பில் எண் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள்’ என்று எழுதுவதற்கு. ‘வந்துடுச்சு, ரொம்ப நன்றிங்க’ என்ற பதில் வந்த பிறகே டிக்கெட்டை முடிக்கிறார்.

இதற்கு அவர் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். மாதாந்தர அறிக்கையில், ‘சராசரியாக ஒரு டிக்கெட்டை முடிக்க ஆகும் நாள்’ என்ற எண் அவருக்குக் கூடுதலாகத் தெரியும். பக்கத்து சீட்டில் எல்லாவற்றையும் உடனே முடித்துத் தள்ளுபவரின் எண் அழகாக இருக்கும். விவரமான மேலாளர் அதோடு இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். முடித்தவற்றில் எத்தனை மறுபடி திறந்தன? வேகமும் அதிகம், மறுபடி திறந்ததும் அதிகம் என்றால், அங்கே மூடல்தான் நடக்கிறது. ஆனால், இந்தக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பல அமைப்புகளில் ‘நன்றி’ என்று எழுதினாலும் டிக்கெட் மறுபடி திறந்துகொள்ளும். அதனால், திறந்தவற்றில் சிலவற்றைப் படித்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

609-ல் ஒளிந்திருந்த காரணம்

ஒரு கடைக்காரரின் டிக்கெட் முடிந்தது. ஆனால், நோட்டின் கடைசி வரியில் ஒரு சந்தேகம் எழுதியிருந்தாரே, அது?

609-ல் தொடங்கும் பின்கோடுகள் மயிலாடுதுறைக்கும் உண்டு, சீர்காழிக்கும் உண்டு, காரைக்காலுக்கும் உண்டு. முதல் இரண்டும் தமிழ்நாடு, மூன்றாவது புதுச்சேரி. முதல் மூன்று இலக்கத்தை மட்டும் வைத்து மாநிலத்தைத் தானாக நிரப்பும்படி இணையதளத்தில் எழுதிவைத்தால், காரைக்காலில் இருந்து ஆர்டர் செய்யும் ஒவ்வொருவரும் தமிழ்நாட்டுக்காரர் ஆகிவிடுவார். இதே யூனியன் பிரதேசத்தின் மாஹே, கேரளத்தின் வரிசையில் 673310. ஏனாம், ஆந்திராவின் வரிசையில் 533464. அந்த ஊர்க்காரர்களுக்கும் இதே கதைதான். 605-ஐ எடுத்துக்கொண்டால், புதுச்சேரி நகரத்தோடு தமிழ்நாட்டின் விழுப்புரமும் அதில்தான் வருகிறது.

காரைக்காலில் முகவரிக் குழப்பம் புதிதல்ல. புதுச்சேரி என்.ஐ.டி. என்று பெயர் பெற்ற கல்லூரி, காரைக்கால் மாவட்டத்தின் திருவேட்டக்குடியில்தான் இருக்கிறது!

இந்தக் காரணத்தைக் கடைக்காரரின் டிக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ‘சாஃப்ட்வேர் டீம் சரிசெய்யும் வரை’ என்று இழுத்தடிப்பது தவறு. அவருக்கு வேண்டியது சரியான பில், அது வந்துவிட்டது. அதேசமயம், அவர் டிக்கெட்டோடு சேர்த்துக் காரணத்தையும் மூடிவிடுவதும் தவறு. அதற்குத் தனியாக ஒரு டிக்கெட் போட்டு, இதேபோல வந்த மற்ற டிக்கெட்களை அதோடு இணைப்பதுதான் முறை. ‘பில் மாநிலம் தவறு’ என்று ஒரு குறிச்சொல் வைத்துத் தேடினால், மூன்று மாதத்தில் காரைக்காலில் இருந்து எத்தனை, மாஹேயில் இருந்து எத்தனை என்று தெரிந்துவிடும். ‘ஒருத்தர் புகார் சொன்னார்’ என்றால் நகராத சாஃப்ட்வேர் டீம், அந்தப் பட்டியலைப் பார்த்தால் நகரும்.

உங்கள் பக்கம் என்ன செய்யலாம்?

இதையெல்லாம் தெரிந்துகொண்டால், டிக்கெட் போடும் விதமே மாறிவிடும். ‘பில் தப்பு, மாத்துங்க’ என்பதற்குப் பதிலாக, ‘என் ஜி.எஸ்.டி. எண் 34-ல் தொடங்குகிறது, பில்லில் தமிழ்நாடு என்று இருக்கிறது, ஐ.ஜி.எஸ்.டி. போட்ட புதிய பில் வேண்டும்’ என்று எழுதியிருந்தால், தவறான தயார் பதில் வருவதற்கு வழியே இருந்திருக்காது. என்ன நடந்தது என்பதோடு, என்ன நடந்தால் பிரச்னை தீர்ந்தது என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

பதிலை அதே மெயிலில், அதே டிக்கெட் எண்ணில் தொடருங்கள். கோபத்தில் மூன்று புதிய மெயில்கள் போட்டால், மூன்று டிக்கெட்களாகி மூன்று பேரிடம் போகும். ‘தீர்க்கப்பட்டது’ என்று மெயில் வந்தால், அன்றே சரிபார்த்து, இல்லையென்றால் உடனே பதில் எழுதுங்கள். ஒரு தேதிக்குப் பிறகுதான் தெரியும் என்றால், ‘14-ம் தேதி வரை மூட வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருள்களுக்குச் சட்டமும் துணை இருக்கிறது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பலரது பொருள்களை விற்கும் சந்தைத் தளங்கள், ஒவ்வொரு புகாருக்கும் அதன் நிலையைப் பின்தொடர டிக்கெட் எண் தர வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அதற்கும் மசியவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அரசு அலுவலகங்கள் மீதான குறைகளுக்கான மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் தளமும் ஒரு டிக்கெட் க்யூதான். 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதலின்படி அங்கே கெடு 21 நாள்கள். ‘இது எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தது இல்லை’ என்று சொல்லி மனுவை மூடக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. முடிவு திருப்தி இல்லை என்றால் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மூடும் விதி எப்படித் தவறாகப் போகும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள்தான் அப்படி ஒரு வரியை எழுதியிருக்க முடியும்.

அடுத்த முறை ‘உங்கள் டிக்கெட் முடிக்கப்பட்டது’ என்று மெயில் வந்தால், உடனே கோபப்படவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். அது ரிசால்வ்டா, க்ளோஸ்டா என்று பாருங்கள். ரிசால்வ்டு என்றால், அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ‘இன்னும் முடியவில்லை.’